ஸ்லைடு தலைப்பு: பொருளா, முடிவா?

"மூன்றாம் காலாண்டு விற்பனை" என்று பொருளை மட்டும் தலைப்பாக வைத்தால் எதைப் பற்றிய ஸ்லைடு என்று மட்டும்தான் தெரியும், விற்பனை ஏறியதா இறங்கியதா என்பதை நிர்வாகக் குழு வரைபடத்தில் தேட வேண்டும், அந்த நேரத்தில் நீங்கள் பேசுவது காதில் விழாது. "லாரி தட்டுப்பாட்டால் டிசம்பர் விற்பனை 12% சரிந்தது" என்று முடிவையே தலைப்பாக வைத்துப் பாருங்கள், வரைபடம் அதற்குச் சாட்சியாகிவிடும். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. வரைபடம் சரிவை மட்டும் காட்டினால் "லாரி தட்டுப்பாட்டால்" என்பதற்கு ஆதாரம் இல்லை, முதல் கேள்வியே அங்கேதான் வரும். தேங்கிய ஆர்டர்களின் எண்ணிக்கையையும் போடுங்கள், இல்லையென்றால் காரணத்தைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

புல்லட்டிலும் முடிவை நேராகச் சொல்லுங்கள். "கிடங்கில் போதிய சரக்கு இருந்தபோதிலும் லாரிகள் கிடைக்காத காரணத்தால் ஆர்டர்களை உரிய நேரத்தில் அனுப்ப இயலவில்லை" என்பது "சரக்கு இருந்தது, லாரி இல்லை" என்று சுருங்கும். மீதி விவரம் நோட்ஸ் பகுதிக்குப் போகட்டும்.

தலைப்பு மூன்று வரிக்கு ஓடினால் பெரும்பாலும் உள்ளே இரண்டு முடிவுகள் இருக்கும், ஸ்லைடை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். நிகழ்ச்சி நிரல் ஸ்லைடுக்கு மட்டும் பழைய பொருள் தலைப்பே போதும்.