இன்வாய்ஸில் ஒன்று, பில் ஆஃப் என்ட்ரியில் இன்னொன்று

காரைக்குடி மரக்கடை ஒன்று கானா தேக்கைத் தூத்துக்குடி வழியாக இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சப்ளையர் இன்வாய்ஸ் 10,000 டாலர், எஃப்.ஓ.பி. விலை, அதாவது அங்கே கப்பலில் ஏற்றும் வரையிலான விலை. வங்கி 83.50 வீதத்தில் ரூ.8,35,000 எடுத்தது. சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியிலோ மதிப்பு ரூ.9,50,250.

கூடுதல் ரூ.1,15,250 எங்கிருந்து வந்தது? சுங்கம், சரக்கு இங்கே வந்து சேரும் மதிப்புக்கே வரி போடும். அதனால் கப்பல் கட்டணம் 1,200 டாலர் சேர்ந்தது. காப்பீட்டுத் தொகை தெரியாததால், விதிப்படி எஃப்.ஓ.பி.யில் 1.125 சதவீதம், அதாவது 112.50 டாலர். சுங்கத்துறை அறிவித்த வீதம் 84 என்றால் இவை ரூ.1,10,250. மீதி ரூ.5,000 மாற்று வீத வித்தியாசம்.

கப்பல் கட்டண ரசீது காட்டாவிட்டால் அதற்குப் பதில் எஃப்.ஓ.பி.யில் 20 சதவீதம், 2,000 டாலர் சேர்ப்பார்கள், வீண் செலவு. கணக்கில் சப்ளையர் பெயரில் இன்வாய்ஸ் தொகையே ஏறும். சுங்க மதிப்பு வரிக்கு மட்டும்.