கெடுவுக்குள் விற்பதா, ஒப்பந்தம் முடியும்வரை வைத்துக்கொள்வதா?

புதுச்சேரிக் கால்பந்து ரசிகர்களிடையே பாரிஸ் அணியைப் பற்றிய பேச்சு எழும்போது, எம்பாப்பேயை முன்பே விற்றிருக்க வேண்டாமா என்ற கேள்வியும் எழுவதுண்டு. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் உள்ள வீரரைக் கோடைக்காலப் பரிமாற்றக் கெடுவுக்குள் விற்றால் தொகை கிடைக்கும். வைத்துக்கொண்டால் ஓராண்டு ஆட்டம் மட்டுமே கிடைக்கும், ஏனெனில் கடைசி ஆறு மாதங்களில் அவர் வேறு கிளப்புடன் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். 2023இல் சவுதி கிளப்பான அல் ஹிலால் முன்வைத்த 30 கோடி யூரோவைப் பாரிஸ் ஏற்றுக்கொண்டும் எம்பாப்பே மறுத்தார். 2024 ஜூனில் ஒப்பந்தம் முடிந்ததும் பரிமாற்றத் தொகையின்றி ரியல் மாட்ரிட்டுக்குச் சென்றார். என் கணிப்பில் விற்பதே மேல். ஆனால் அதற்கு வீரரின் சம்மதம் தேவை என்பதால், இரண்டு ஆண்டுகள் மீதமிருக்கும்போதே கிளப் முடிவெடுத்துவிட வேண்டும். வாங்கும் கிளப்புக்கோ அவசரமில்லை: கெடுவுக்கு முன்பே ஒப்பந்தம் முடிந்து வேலையின்றி இருக்கும் வீரரைப் பின்னரும் பதிவுசெய்ய ஃபிஃபா விதி இடமளிக்கிறது.