கிராமா, கிலோவா? பில் திரையின் பிழைகளைத் தடுக்கும் மூன்று வழிகள்: ஹட்டன் கடையொன்றை வைத்து ஓர் ஒப்பீடு

ஹட்டன் நகரில் மொத்தமாகவும் சில்லறையாகவும் பலசரக்கு விற்கும் ஒரு கடையில், பில் போடும் மென்பொருள் உலாவியில் திறக்கும் வகையைச் சேர்ந்தது. கடைக்காரர் மாதக் கட்டணம் செலுத்துகிறார். மென்பொருளோ அதை விற்ற நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கிறது. தோட்டங்களில் சம்பளம் கொடுக்கும் கிழமையில் லயங்களிலிருந்து வரும் குடும்பங்கள் ஒரே பில்லில் பதினைந்து, இருபது சாமான்கள் வாங்குவார்கள். அரிசி, பருப்பு, சீனி, கோதுமை மா, நெத்தலி என்று அவற்றில் பெரும்பகுதி நிறுத்துக் கொடுக்கப்படுபவை. அந்தக் கிழமையில்தான் பில்லில் பிழைகளும் கூடின. கடைக்காரரின் மகன் அவற்றைத் தடுக்க மூன்று வழிகளை எண்ணிப் பார்த்தார். முதலாவது, உலாவிக்குள்ளேயே திரையின் தோற்றத்தை மாற்றுவது. இரண்டாவது, மென்பொருளின் கோப்புகளையே திருத்துவது. மூன்றாவது, திரையை விட்டுவிட்டு பார்கோடு ஸ்கேனரை நம்புவது.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன் பிழை எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். பில்லின் ஒவ்வொரு வரியிலும் அளவுக்கு ஒரு பெட்டியும், அதற்குப் பக்கத்தில் கிலோ, கிராம் என்று தெரிவு செய்யும் சிறிய பட்டியலும் இருந்தன. புதிய வரி திறக்கும்போது முந்தைய வரியின் அலகே அதிலும் நின்றுவிடும். பருப்பு ஒரு கிலோ 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 250 கிராம் கேட்டவருக்கு, அலகு கிலோவில் நிற்கும்போது 250 என்று அடித்துவிட்டால் வரியின் தொகை 75,000 ரூபா ஆகிவிடும். அதைக் காசாளரும் காண்பார், வாங்குபவரும் காண்பார். அதே ஆளுக்கு, அலகு கிராமில் நிற்கும்போது 0.25 என்று அடித்தால் தொகை எட்டுச் சதம்தான். இருபது வரிப் பில்லில் எட்டுச் சதத்தை யாரும் காண்பதில்லை. கடைக்கு 75 ரூபா போய்விடும். "தம்பி, முந்தின வரியில கிராம்னு நின்னத நான் பாக்கவே இல்ல" என்று அங்கே நெடுநாள் வேலை செய்யும் அக்கா சொன்னதில்தான் முழு விடயமும் இருக்கிறது. அவர் கவனக்குறைவானவர் அல்லர். பார்க்க வேண்டியதை அந்தத் திரை பத்துப் புள்ளி சாம்பல் எழுத்தில் ஒளித்து வைத்திருந்தது.

இந்த மௌனப் பிழையைக் கண்டுபிடிக்க மகன் செய்தது எளிமையானது. மாத விற்பனை அறிக்கையை விரிதாளாக இறக்கி, வரித் தொகையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினார். பலசரக்குக் கடையில் ஒரு ரூபாவுக்கு நிறுத்துக் கொடுக்கும் சாமான் எதுவும் இல்லை என்பதால், மேலே வந்து நின்ற, ஒரு ரூபாவுக்கும் குறைந்த வரிகள் அத்தனையும் அலகுப் பிழைகளே. எந்த வழியை எடுத்தாலும் அது பலித்ததா என்று அறிவதற்கும் இதே அடுக்கல் போதும்.

முதல் வழியில் தேவைப்பட்டது, இணையப் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் மொழியில் சில வரிகள் மட்டுமே. உலாவியில் F12 விசையை அழுத்தி, அலகுப் பட்டியலுக்கு மென்பொருள் என்ன பெயர் வைத்திருக்கிறது என்று பார்த்து, அந்தப் பெயரைப் பிடித்து எழுத வேண்டும். அவர் எழுதியதன் சாரம் இது:

```css
@media screen {
  tr:has(select.unit option[value="g"]:checked) td {
    background: #ffe08a !important;
  }
  tr:has(select.unit option[value="g"]:checked) td.qty::after {
    content: " கிராம்";
    font-size: 1.6em;
    font-weight: bold;
  }
}
```

அலகு கிராமில் நிற்கும் வரி முழுவதும் மஞ்சளாகும். அளவுக்குப் பக்கத்தில் "கிராம்" என்ற சொல் பெரிதாக வரும். நிறத்தை மட்டும் நம்பாமல் சொல்லையும் சேர்த்தது சரியான முடிவு, ஏனெனில் நிறங்களைப் பிரித்தறியச் சிரமப்படுபவர்களும் கல்லாவில் இருப்பார்கள். இதே முறையில், "கடன்" தெரிவு செய்யப்பட்டிருந்தால் பில்லின் தலைப்பு முழுவதும் சிவப்புப் பட்டையாகி "கடன்" என்று காட்டும்படி செய்தார். தோட்ட மக்களின் கடன் கொப்பியோடு ஒத்துவராத பில்கள் பெரும்பாலும் முந்தைய பில்லின் தெரிவு அப்படியே ஒட்டிக்கொண்டதால் வந்தவை.

இந்த வழியின் எல்லை ஓரிடத்தில் தெளிவாகத் தெரியும். பட்டியலில் எது தெரிவாகியிருக்கிறது என்பதைச் சிஎஸ்எஸ் அறியும். பெட்டியில் அடித்த எண் என்னவென்று அறியாது. `input[value="0.25"]` என்று எழுதினால் பிடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அது பக்கம் திறந்தபோது இருந்த மதிப்பைத்தான் பார்க்கிறது. அதன்பின் விசையால் அடித்ததை அது பின்தொடர்வதில்லை. ஆகவே "கிராமில் 0.25 என்பது தவறு" என்று திரை சொல்லாது, "நீங்கள் கிராமில் நிற்கிறீர்கள்" என்று மட்டுமே சொல்லும். பிழைக்குக் காரணம் அலகைக் காணாமல் விட்டதே என்பதால், இந்தக் கடைக்கு அதுவே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது.

முதல் வடிவத்தில் `@media screen` என்ற உறை இருக்கவில்லை. அதனால் "கிராம்" என்ற சொல்லைப் பெரிதாகச் சேர்த்தது அச்சுக்கும் போய், 80 மில்லிமீற்றர் தாளில் அச்சாகும் பில்லின் கடைசி நிரல், அதாவது தொகை நிரல், பாதியில் வெட்டுப்பட்டது. திரையின் தோற்றத்தை மாற்றுபவர்கள் அச்சை மறந்துவிடுவது வழமை. உறையைப் போட்ட பிறகு பில் பழைய வடிவில் வந்தது.

இந்தச் சிஎஸ்எஸ்ஸை உலாவிக்குள் வைப்பதற்கும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ஸ்டைலஸ் போன்ற நீட்சி, அதாவது உலாவியோடு சேர்க்கும் சிறு மென்பொருள். எழுதியவுடன் திரை மாறும், திருத்துவது இலகு. ஆனால் இத்தகைய நீட்சிகள் நாம் திறக்கும் பக்கங்களை வாசிக்கும் உரிமையைக் கேட்கின்றன. இதற்கு முன் பலரும் பயன்படுத்திய ஸ்டைலிஷ் என்ற நீட்சி, பயனர்கள் பார்த்த பக்கங்களின் விபரத்தைச் சேகரித்தது வெளிவந்ததால், 2018இல் குரோம், பயர்பொக்ஸ் இரண்டின் நீட்சிக் கடைகளிலிருந்தும் நீக்கப்பட்டது. வாடிக்கையாளரின் கடன் கணக்கு திறந்திருக்கும் கணினியில் இது அலட்சியம் செய்யத்தக்க விடயமன்று. மற்றது, பயர்பொக்ஸின் `userContent.css` கோப்பு. இதற்கு நீட்சி வேண்டாம். `about:config` பக்கத்தில் `toolkit.legacyUserProfileCustomizations.stylesheets` என்பதை `true` ஆக்கி, கோப்பைச் சுயவிபரக் கோப்புறைக்குள் `chrome` என்ற பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி அதில் வைத்தால் போதும், மாற்றும் ஒவ்வொரு முறையும் உலாவியை மூடித் திறக்க வேண்டும். ஆனால் மேலே உள்ள வரிகள் நம்பியிருக்கும் `:has()` என்பதை பயர்பொக்ஸ் 121ஆம் பதிப்பிலிருந்துதான் ஏற்கிறது. விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினியில் பயர்பொக்ஸ் 115க்கு மேல் போகாது. அங்கே மேலே உள்ள வரிகள் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் வெறுமனே செயலற்றுக் கிடக்கும். புதிய கணினி உள்ள கடைக்கு நான் இரண்டாவது இடத்தையே பரிந்துரைப்பேன்.

இரண்டாவது வழி, மென்பொருளின் கோப்புகளைத் திருத்துவது. வாடகைச் சேவையகத்தில் இருக்கும் மென்பொருளுக்கு இது இயலாது என்பதால் ஹட்டன் கடைக்கு இந்தக் கதவு மூடியே இருந்தது. ஆனால் தலவாக்கலையில் கடைக்காரரின் மகனுடைய மாமா நடத்தும் கடையில் மென்பொருள் கடைக்குள்ளேயே ஒரு கணினியில் ஓடுகிறது. அங்கே இதைச் செய்ய முடிந்தது. இதன் பலம், எண்ணையே தடுக்கலாம் என்பது. அலகு கிராம் ஆனவுடன் அளவுப் பெட்டிக்கு `min="5"` என்றும், கிலோ ஆனவுடன் `max="100"` என்றும், ஒன்றைப் போடும்போது மற்றதை நீக்கியும் சிறு நிரல் மாற்றினால், கிராமில் 0.25 அடிக்கும்போது பெட்டி செல்லாததாகிவிடும். படிவம் வழமையான முறையில் அனுப்பப்படுவதாக இருந்தால் உலாவியே பில்லைச் சேமிக்க விடாது. புதிய வரியில் அலகு எப்போதும் கிலோவிலிருந்தே தொடங்கும்படியும் செய்யலாம், அதாவது நோயின் வேரையே எடுக்கலாம். ஒரு முறை திருத்தினால் எல்லாக் கல்லாக்களுக்கும் அது போய்ச் சேரும்.

இதற்குக் கொடுக்கும் விலையும் பெரியது. தோற்றத்தை மட்டும் மாற்றும் சிஎஸ்எஸ் எவ்வளவு தவறாக எழுதப்பட்டாலும் கணக்கைத் தொடாது. நீட்சியை நிறுத்தினால் பழைய திரை அப்படியே திரும்பிவிடும். நிரலைத் தொடுபவர் கூட்டுத்தொகையையும் கையிருப்பையும் தொடும் இடத்துக்கு மிக அருகில் கை வைக்கிறார். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது திருத்திய கோப்பு அழிந்து பழைய கோப்பு வந்துவிடுவதும் உண்டு. திருத்திய கோப்பின் பிரதியை வேறாக வைத்து, புதுப்பித்த அன்றே மீண்டும் சேர்த்துச் சோதிக்க ஒருவர் இல்லாத கடையில் இந்த வழியைத் தொடக்கூடாது என்பதே என் கருத்து.

மூன்றாவது வழியான ஸ்கேனர், பெயரை மாற்றித் தெரிவு செய்யும் பிழைகளை அடியோடு நீக்குகிறது. 479 என்று தொடங்கும் இலங்கைப் பதிவுப் பார்கோடுகளோடு வரும் பிஸ்கட், சவர்க்காரம், பால்மா ஆகியவற்றுக்கு அதைவிட நல்லது இல்லை. நிறுத்துக் கொடுக்கும் பருப்புக்கு அது எதுவும் செய்யாது. லேபிள் அச்சிடும் தராசு வாங்கினால், 2இல் தொடங்கும் கடைக்குரிய பார்கோட்டுக்குள் சாமானின் எண்ணையும் எடையையும் பொதித்து ஒட்டலாம். ஆனால் அந்தக் கோட்டைப் பிரித்துப் படிக்க பில் மென்பொருளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தராசு வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். ஹட்டன் கடையின் மென்பொருள் அதைப் படிக்கவில்லை.

ஆகவே சேவையகம் தன் கையில் இல்லாத, நிறுத்து விற்கும் கடைக்கு முதல் வழியே பொருந்தும். சொந்தக் கணினியில் மென்பொருளும் அதைப் பராமரிக்க ஒருவரும் இருந்தால் இரண்டாவது வழி மேல். ஸ்கேனர் இரண்டோடும் சேரக்கூடியது, எதற்கும் பதிலாகாது. முதல் வழியை எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் கட்டாயம் சேர்க்க வேண்டும். நிறுவனம் தன் திரையைப் புதுப்பித்து `unit` என்ற பெயரை மாற்றிவிட்டால் மஞ்சள் நிறம் அறிவிப்பின்றி நின்றுவிடும், மஞ்சள் இல்லாததைக் கிலோ என்று நம்பப் பழகிய பணியாளர்கள் முன்பைவிட அதிகம் பிழை விடுவார்கள். அதனால் மகன், `form:has(select.unit)::before` என்று அதே பெயரைப் பிடித்து, படிவத்தின் மேல் "அலகு நிறம் இயங்குகிறது" என்று ஒரு வரி வரச் செய்தார். காலையில் கல்லாவைத் திறப்பவர் அந்த வரியைக் காணாவிட்டால், மகன் வந்து பார்க்கும் வரை கிராமில் விற்பதெல்லாம் கொப்பியிலும் எழுதப்பட வேண்டும் என்பது அந்தக் கடையின் ஏற்பாடு.