சட்டை நிறத்தை மாற்றினால் தாடையையும் மாற்ற வேண்டும்: ஆறு வருட அனுபவம்

ஒரே மாடல், ஒரே போஸ், ஒரே சிவப்புச் சட்டை. படம் ஒன்று, வேண்டியதோ ஐந்து நிறங்கள். துணி விற்பவர்களுக்குப் படம் திருத்திக் கொடுக்கும் எனக்கு ஆறு வருடமாக இதுதான் அதிகம் வரும் வேலை. ஃபோட்டோஷாப்பில் செய்கிறேன். இதற்காக நான் கைக்கொண்ட முறையை எழுதிவைக்கிறேன். எது நிலைத்தது, எதைக் கைவிட்டேன், எங்கே இன்னும் சறுக்குகிறது என்பதும் இதில் உண்டு.

ஆரம்பத்தில் சட்டையைச் சுற்றி மாஸ்க் போட்டு, Hue/Saturation லேயரில் சாயலைத் திருப்பிவிட்டு அனுப்பிவிடுவேன். ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கும். ஒருமுறை படத்தைப் பார்த்தவர், “தலை வேற படத்துலேர்ந்து ஒட்டின மாதிரி இருக்கே” என்றார். மாஸ்க் ஓரத்தை நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கித் துருவித் துருவிப் பார்த்தேன், குறை தெரியவில்லை. குறை ஓரத்தில் இல்லையே. சட்டை பச்சையாகிவிட்டது, ஆனால் தாடைக்கு அடியில் இன்னும் சிவப்பு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

பளிச்சென்ற துணி தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தன் நிறத்தோடு மேலே திருப்பி அனுப்பும். அதை இங்கே எதிரொளி என்று சொல்லிக்கொள்கிறேன். கீழ்நோக்கித் திரும்பிய சருமம் எல்லாம் அதை வாங்கிக்கொள்ளும். தாடையின் அடி, கழுத்தின் மேல்பாதி, மூக்கின் அடிப்பக்கம், கவனித்துப் பார்த்தால் மேலுதட்டுக்கு மேலே ஒரு மெல்லிய பட்டை. தாடையின் முன்புறத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது, அது கேமராவைப் பார்த்து நிற்கிறது.

சரி, சட்டையைத் திருப்பிய அதே அளவு எதிரொளியையும் திருப்பினால் ஆகிவிடாதா என்று அடுத்து யோசித்தேன். அதே Hue/Saturation லேயரின் மாஸ்க்கைத் தாடைக்கு அடியிலும் மென்மையான பிரஷால் நீட்டினேன். அந்தப் பெண்ணுக்குக் கழுத்தில் பாசி பிடித்ததுபோல் வந்தது. காரணம் எளிது. அங்கே இருப்பது வெறும் எதிரொளி இல்லை, சருமத்தின் சொந்த நிறமும் சேர்ந்தது. இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் சருமமே பச்சையாகிவிடும்.

ஆகவே பழைய எதிரொளியை முதலில் எடுக்க வேண்டும், அப்புறம் புதியதைச் சேர்க்க வேண்டும். இரண்டும் தனித்தனி லேயர்கள். இந்த ஒரு பழக்கம்தான் இத்தனை வருடமும் மாறாமல் நிற்கிறது.

எடுக்கும் வேலையை, சட்டை இன்னும் சிவப்பாக இருக்கும்போதே செய்துவிடுகிறேன். பச்சைக்குப் பக்கத்தில் வைத்த சருமம் கண்ணுக்கு உண்மையைவிடச் சிவப்பாகத் தெரியும். சட்டையை முதலில் மாற்றிவிட்டால் இல்லாத சிவப்பையும் தேடித் தேடி எடுத்துக்கொண்டிருப்போம். அதனால் கண்ணை நம்பாமல் எண்களைப் பார்க்கிறேன். ஐட்ராப்பரை ஐந்துக்கு ஐந்து பிக்சல் சராசரியில் வைத்து, Info பேனலில் ஒரு பக்கம் RGB, மறுபக்கம் HSB தெரியும்படி விட்டிருப்பேன்.

ஒரு படத்தின் எண்களையே சொல்கிறேன். நெற்றியில் 198, 150, 120. அதாவது சாயல் 23 டிகிரி, செறிவு 39 சதவீதம். தாடைக்கு அடியில் 165, 99, 82. சாயல் 12 டிகிரி, செறிவு 50. நிழலில் சருமம் கொஞ்சம் சிவந்து, செறிவு கூடுவது இயல்புதான், ஆனால் இவ்வளவு கூடாது. ஒரு Curves லேயர் போட்டு, மாஸ்க்கைக் கறுப்பாக்கி, தாடையின் அடியில் மட்டும் பெரிய மென்மையான பிரஷால் வெள்ளையைத் தடவினேன். பிறகு சிவப்புச் சேனலை மட்டும் கீழே இழுத்தேன். 136, 98, 79 வந்ததும் நிறுத்தினேன். சாயல் 20, செறிவு 42.

பச்சையையும் நீலத்தையும் ஏன் ஏற்றவில்லை என்று கேட்கலாம். சிவப்புத் துணி சிவப்பு வெளிச்சத்தைக் கூட்டியதே தவிர, வேறு எதையும் குறைக்கவில்லை. கூட்டியதைக் கழித்தால் போதும். அப்படிக் கழித்தபின் அந்த இடம் கொஞ்சம் இருட்டாவதும் சரிதான். தூக்கி நிறுத்தத் தோன்றும், கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

முன்பு இதே வேலைக்குக் கன்னத்து நிறத்தை எடுத்து, Color மோடில் ஒரு காலி லேயரில் பூசுவேன். வேகமாக முடியும். ஆனால் பூசிய இடம் முழுக்க ஒரே நிறமாகிவிடும். சருமத்தில் இருக்கும் சின்னச் சின்னச் சிவப்பு, மஞ்சள் வேறுபாடெல்லாம் போய் மெழுகுபோல் ஆகும். இரண்டு வருடத்துக்குமேல் அப்படித்தான் செய்தேன். பழைய படங்களைத் திறந்தால் அந்தக் கழுத்துகளை இன்று என்னாலேயே பார்க்க முடியவில்லை.

அடுத்தது சேர்ப்பது. நான் நெடுநாள் தவறாகச் செய்ததும் இதைத்தான். பச்சைச் சட்டை என்றால் தாடைக்கு அடியில் பச்சை, நீலச் சட்டை என்றால் நீலம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் சந்தேகம் வந்து, வீட்டில் ஒருவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, கழுத்துக்குக் கீழே வெவ்வேறு நிறத் துணிகளை மாற்றி மாற்றி விரித்துப் படம் எடுத்தேன். வெள்ளைச் சமநிலையையும் எக்ஸ்போஷரையும் ஒரே அளவில் பூட்டிவைத்தேன். இதுவரை நான் எதிலும் செலவிட்ட மிக உருப்படியான ஒரு மணி நேரம் அது.

பச்சைத் துணியின்போது தாடையின் அடி பச்சையாகவே இல்லை. கொஞ்சம் மஞ்சள் பாய்ந்த, மங்கலான பழுப்பு. நீலத் துணியின்போது இன்னும் வேடிக்கை: நீலம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சருமம் சற்று வெளுத்து, சாம்பல் தட்டியதுபோல் இருந்தது, அவ்வளவுதான். சருமம் சிவப்பை நிறையத் திருப்பும், பச்சையை அதைவிடக் குறைவாக, நீலத்தை எல்லாவற்றையும்விடக் குறைவாக. துணியிலிருந்து வரும் நீல வெளிச்சத்தில் பெரும்பகுதியைச் சருமமே விழுங்கிவிடுகிறது. சிவப்புச் சட்டையின் எதிரொளி கழுத்தில் அவ்வளவு அடித்துத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

இதை மேலே சொன்ன படத்தில் வைத்துப் பார்ப்போம். பச்சைக்கு, இரண்டாவது Curves லேயரில் பச்சைச் சேனலைக் கொஞ்சம் ஏற்றினேன். 138, 108, 81 வந்தது. சாயல் 28, செறிவு 41. 20-இலிருந்து 28-க்குத்தான் நகர்ந்தது, ஆனாலும் சட்டையும் கழுத்தும் ஒரே வெளிச்சத்தில் நிற்பதாகக் கண் ஒப்புக்கொண்டது. நீலத்துக்கு நீலச் சேனலை மட்டும் பத்துப் பன்னிரண்டு புள்ளி ஏற்றினேன். 137, 100, 90. சாயல் 13, செறிவு 34. சிவப்புச் சட்டையின்போது இருந்த சாயல் 12, ஞாபகம் இருக்கிறதா? சாயலை மட்டும் பார்த்தால் சிவப்பு எதிரொளியும் நீல எதிரொளியும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. வித்தியாசம் செறிவில்: அங்கே 50, இங்கே 34. இது புரிந்ததிலிருந்து நீலச் சட்டைக்குத் தாடையில் நீலம் பூசுவதை அடியோடு விட்டுவிட்டேன்.

ஒரு விதிவிலக்கு. அந்த ஜன்னலோரப் படத்தில், தாடை எலும்பின் ஓரத்தில் எண்ணெய்ப் பசையால் மினுங்கிய மெல்லிய கோட்டில் மட்டும் நீலம் நீலமாகவே தெரிந்தது. சருமத்தின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் மினுக்கம் சருமத்துக்குள் போய் வருவதில்லை, அதனால் அது துணியின் நிறத்தை அப்படியே காட்டும். பளபளக்கும் மேக்கப் போட்ட படமென்றால் அந்தக் கோட்டைத் தனியாகச் சின்ன பிரஷால் தொடுகிறேன். மற்றபடி தொடுவதில்லை.

கருநீலம், கறுப்பு கேட்டால் இரண்டாவது லேயரே வேண்டாம். இருண்ட துணி எதையும் திருப்பி அனுப்பாது. பழைய எதிரொளியை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் இருட்டினால் முடிந்தது. மஞ்சளும் வெள்ளையும் நேர் எதிர், தாடையின் அடியே பிரகாசமாக வேண்டும். அதைவிடச் சட்டையே அங்கே பெரிய தலைவலி. மஞ்சள் இயல்பிலேயே வெளிச்சமான நிறம், சிவப்பு அப்படியல்ல. சிவப்பின் சாயலை மட்டும் திருப்பி, அதன் வெளிச்சத்தை அப்படியே விட்டால் காய்ந்த கடுகுக் குழம்புபோல் ஒன்று கிடைக்கும். Curves-இல் ஏற்றினால், இருட்டில் ஒளிந்திருந்த புள்ளிக் குறைகள் எல்லாம் எழுந்து வரும். சிவப்பு, மஞ்சள் இரண்டும் வேண்டும் என்றால் மஞ்சளைப் படம் எடுத்துச் சிவப்பாக்குங்கள் என்று இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் பாதிப் பேர்.

அடர் சிவப்பில் இன்னொரு சிக்கல். துணி மடிப்பின் விவரம் பெரும்பாலும் சிவப்புச் சேனலில் மட்டும்தான் இருக்கும், பச்சையும் நீலமும் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். சிவப்பும் 255-இல் முட்டிவிட்டால் மடிப்பே இல்லாத பிளாஸ்டிக் தகடுதான் மிச்சம். நிறம் மாற்றியபின் இன்னும் கேவலமாகத் தெரியும். ரா கோப்பு கையில் இருந்தால் செறிவையும் எக்ஸ்போஷரையும் குறைத்து இரண்டாவது முறை திறந்து, சட்டைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன். வெறும் ஜேபெக் என்றால் முடியாது என்று சொல்லிவிடுவது நல்லது.

நேரக் கணக்கு: வரிசையில் முதல் படத்துக்கு இருபத்தைந்து நிமிடம். ஒரே வெளிச்சத்தில் எடுத்த மற்ற படங்களுக்கு இரண்டு Curves லேயரையும் இழுத்துப் போட்டால் எண்கள் பெரும்பாலும் பொருந்தும். மாஸ்க் மட்டும் பொருந்தாது. தலை லேசாகச் சாய்ந்தாலும் எதிரொளி விழும் இடம் மாறிவிடும், ஒவ்வொன்றிலும் புதிதாகத்தான் வரைய வேண்டும். இதைச் சுருக்க எத்தனையோ செய்து பார்த்தேன், நடக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு போன மாதம் ஒன்று தப்பியது. சட்டை அருமையான பச்சை, கழுத்து கச்சிதம், கொடுத்தும் ஆயிற்று. இரண்டு நாள் கழித்து வேறெதற்கோ படத்தைத் திறந்தபோது, காதில் தொங்கிய வெள்ளி வளையத்தின் கீழ்ப்பாதியில் குங்குமப் புள்ளிபோல் பழைய சட்டை உட்கார்ந்திருந்தது. உலோகம் சருமம்போல் எதையும் விழுங்காது, கண்ணாடிமாதிரி அப்படியே காட்டும். கேட்டவர் கவனிக்கவில்லை. நானே திருத்திய கோப்பை அனுப்பினேன். இப்போது படம் வந்ததும் முதலில் காதையும் கழுத்துச் சங்கிலியையும் மூக்குக்கண்ணாடியின் கீழ்விளிம்பையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் சட்டைக்கே வருகிறேன்.