ஸ்க்ரீன்ஷொட்டா, எக்ஸ்போர்ட்டா, தட்டச்சுப் பிரதியா?

வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த அனெக்ஸை விட்டபோது எனக்கும் வீட்டுக்காரருக்கும் அட்வான்ஸ் விஷயத்தில் இழுபறி வந்தது. கொடுத்தது 300,000 ரூபா. பெயின்ட்டுக்கு 25,000, கடைசித் தண்ணீர் பில்லுக்கு 3,400 கழிக்க நான் சம்மதித்திருந்தேன். கைக்கு வந்ததோ 215,000. மிச்சம் 56,600 ரூபாவுக்காக மத்தியஸ்த சபைக்குப் போனோம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் அந்தச் சபையில் சட்டத்தரணிகள் நமக்காக வாதாட முடியாது. நாமேதான் பேச வேண்டும். அதனால் வாட்ஸ்அப் உரையாடலை எந்த வடிவில் கொண்டுபோவது என்று மூன்று வழிகளையும் செய்து பார்த்தேன்.

முதலில் ஸ்க்ரீன்ஷொட். திரையில் கண்டது அப்படியே இருக்கும்: எந்தச் செய்திக்குப் பதில், யார் கட்டைவிரல் போட்டார், எல்லாம். ஆனால் ஒரு மாத உரையாடல் நாற்பது படங்களாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் மேலே பெயர் மட்டும்தான், அதுவும் என் போனில் நான் சேமித்த பெயர். பல படங்களில் திகதி இல்லை, நேரம் மட்டும். நடுவில் ஒரு படம் விடுபட்டால் மறைத்துவிட்டான் என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

அடுத்தது உரையாடலுக்குள் இருக்கும் `Export chat`, அதில் `Without media`. முழு உரையாடலும் ஒரே எழுத்துக் கோப்பாக வந்துவிடும், செய்திக்குச் செய்தி திகதி, நேரம், பெயரோடு. தேடலாம், அச்சடிக்கலாம், நடுவில் எழுதிய செய்தி எதுவும் விடுபடாது. சரி, இதுவே போதும் என்று நினைத்தேன். அப்புறம்தான் இந்த வரி கண்ணில் பட்டது:

```
12/05/2024, 19:42 - வீட்டுக்காரர்: ஓம் தம்பி
```

எதற்கு ஓம்? என் செய்தியை இழுத்துப் பிடித்து அதற்குக் கீழே அவர் எழுதிய பதில் அது. எக்ஸ்போர்ட் செய்யும்போது அந்த மேற்கோள் போய்விடுகிறது, ‘ஓம்’ மட்டும் அநாதையாக நிற்கிறது. கட்டைவிரல், இதயம் போன்ற எதிர்வினைகளும் கோப்பில் வருவதில்லை. திகதி வடிவம் போனின் அமைப்பைப் பொறுத்தது. 12/05 மே 12ஆ, டிசம்பர் 5ஆ என்று அந்நியர் குழம்புவார். போதாக்குறைக்கு, வெறும் எழுத்துக் கோப்பை யாரும் திருத்தலாம். ஆகவே போனில் இருக்கும் மூலத்தை அழிக்கவே கூடாது.

இந்தக் குறையைச் செய்தி எழுதும்போதே தவிர்த்திருக்கலாம். நான் அனுப்பியது சுகம் விசாரித்து, பெயின்ட், தண்ணீர் பில், திறப்புக் கொத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிய நீண்ட செய்தி. அவர் எதற்கு ஓம் சொன்னார் என்று அவருக்கே இப்போது தெரியாது. இப்படி எழுதியிருந்தால்:

“அங்கிள், பெயின்ட் செலவு 25,000 ரூபாவை அட்வான்ஸில் கழிக்க எனக்குச் சம்மதம். இதைத் தவிர வேறு பழுதுக்கு ஏதும் கழிப்பீர்களா?”

ஒரு செய்தி, ஒரு விஷயம், தொகை உள்ளேயே. பதில் ‘இல்லை’ என்று வந்தால் மேலே இருக்கும் வரியோடு சேர்ந்து எங்கே கொண்டுபோனாலும் பொருள் மாறாது. போனில் பேசியதையும் அன்றே ஒரு வரியாக எழுதி அனுப்பலாம்: “இப்போது போனில் சொன்னபடி, தண்ணீர் பில் 3,400 மட்டும்.” தொகையைப் பிழையாகத் தட்டிவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்த முடியும்தான், ஆனால் ‘திருத்தப்பட்டது’ என்ற குறி ஒட்டிக்கொள்ளும். தனிச் செய்தியாக “முன்னையது பிழை, சரியானது 3,400” என்று போடுவதே மேல்.

மூன்றாவது, கையால் தயாரித்த பிரதி: திகதி, யார், சொன்ன வார்த்தை என்று மூன்று நிரல். படிப்பவருக்கு இதைவிடச் சுகமானது இல்லை, நம்புவதற்கு இதைவிடப் பலவீனமானதும் இல்லை. அவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்ததை நான் ஆர்வக்கோளாறில் அழகான தமிழாக்கினேன். “பார்ப்போம்” என்ற அர்த்தத்தில் அவர் எழுதியது என் பிரதியில் “செய்கிறேன்” ஆகியிருந்தது! மனைவிதான் கண்டுபிடித்தாள். பிறகு அவர் எழுதியதை எழுத்துப் பிழையோடு அப்படியே போட்டு, என் தமிழை நான்காவது நிரலுக்குத் தள்ளினேன்.

இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஆவணத்தை ஒதுக்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் அது நம்புகிற மாதிரி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. என் தெரிவு: முன்னே ஒரு பக்க அட்டவணை, பின்னே முழு எக்ஸ்போர்ட், அந்த அநாதை ‘ஓம்’ போன்ற இடங்களுக்கு மட்டும் நாலைந்து ஸ்க்ரீன்ஷொட். அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் எக்ஸ்போர்ட்டின் பக்க எண். எல்லாவற்றுக்கும் மேலாக, சார்ஜ் நிறைந்த போன் பையில்.

சபையில் இருந்தவர்கள் அட்டவணையைத்தான் வாசித்தார்கள். ஒரே ஒரு இடத்தில் போனைக் கேட்டு, மே 12 வரை மேலே தள்ளிப் பார்த்தார்கள். பணம் இரண்டு தவணையாக வந்தது. இரண்டாவது கிடைத்தது என்று நான் எழுதியதற்கு அவர் கட்டைவிரல் மட்டும் போட்டார். அதை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைத்திருக்கிறேன்.