ஸ்டோரி போலா, கேள்விப் பெட்டியா?

முருங்கைக்கீரைப் பொடியைப் புதிதாக இறக்கலாமா என்று இன்ஸ்டாகிராமில் கேட்டுப் பார்க்க நினைக்கிறீர்கள், ஆனால் எதை வைத்துக் கேட்பது: ஸ்டோரியில் விடைகளைக் கொடுத்து ஓட்டுக் கேட்கும் போலா, பதிலை எழுதச் சொல்லும் கேள்விப் பெட்டியா?

உழைப்பு
போல்: ஒரு தட்டுதான், ஓட்டு நிறைய விழும்.
பெட்டி: எழுத வேண்டும், பத்துப் பேர் எழுதினாலே பெரிது.

கிடைப்பது
போல்: நீங்கள் வைத்த விடைகளுக்குள் ஓர் எண்ணிக்கை.
பெட்டி: உங்களுக்குத் தோன்றாதது. "சின்ன பாக்கெட் இருக்கா? பிடிக்கலைனா வீணாயிடுமே" மாதிரி.

ஏமாற்றம்
போல்: "வாங்குவீர்களா?" என்றால் அத்தை, கல்லூரித் தோழிகள் என்று எல்லாரும் ஆமாம்தான். ஸ்டோரியைத் திறந்து மேலே இழுத்தால் யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று பெயரோடு தெரியும். 80 ஓட்டில் 60 ஆமாம், அதில் 25 தெரிந்தவர்கள் என்றால், மிச்சம் 35 பேருக்குத் தனியாக "100 கிராம் 120 ரூபாய், 50 ரூபாய் முன்பணம்" என்று அனுப்புங்கள். நான்கு பேர் பணம் போட்டால் உங்கள் உண்மையான எண் அந்த நான்குதான், அதை வைத்து லேபிள் அச்சடிக்கக் கூடாது.
பெட்டி: சத்தமாகப் பேசும் இரண்டு பேரை ஊரே கேட்பதாக நினைத்துவிடுவோம்.

பொருளே முடிவாகவில்லையா, பெட்டி போடுங்கள், அதுவும் "என்ன வேண்டும்?" என்று இல்லாமல் "கடைசியாக வாங்கிய பொடியில் எது பிடிக்கவில்லை?" என்று. அளவு, விலை, பாட்டிலா பாக்கெட்டா என்ற அளவுக்கு வந்துவிட்டதென்றால் போல். என்னைக் கேட்டால் முதல் நாள் பெட்டி, 24 மணி நேரத்தில் அது போனதும் அதில் வந்த பதில்களையே விடைகளாக வைத்து அடுத்த நாள் போல்.