வல்லினமா, இடையினம் இல்லாததா?

தேநீர்க்கடை பெஞ்சில் ஒருவர், பைத்தியம் என்ற பொருளில், "கோட்டி!" என்று கத்துகிறார். பக்கத்தில் இன்னொருவர் "ஏலே, இங்க வால" என்கிறார். முன்னது சுடுகிறது, பின்னது தோளில் கைபோடுகிறது. ஏன்?

பழகிய விளக்கம், வல்லினம். "கோட்டி"யில் ட்ட வரும்போது நாக்கு மேலே ஒட்டி மூச்சை முழுதாக அடைத்து, சட்டென்று விடுகிறது. அந்த அடைப்பும் வெடிப்பும்தான் கோபமாகக் கேட்கிறது என்பார்கள். ஆனால் "பாட்டி"யிலும் அதே ட்ட இருக்கிறதே.

இரண்டாவது விளக்கம் தலைகீழானது: வசவில் ய, ர, ல, வ போன்ற இடையினம் குறைவு. 2022இல் லெவ்-ஆரி, மெக்கே என்ற இரு ஆய்வாளர்கள் ஹீப்ரு, இந்தி, ஹங்கேரியன், கொரியன், ரஷ்யன் வசவுகளில் இதைக் கண்டார்கள். பிறகு பொய்ச்சொற்கள் செய்தார்கள். அல்பேனியனில் பறவைக்கு "ஸோக்". அதை "யோக்", "த்ஸோக்" என மாற்றி, எது வசவு என்று வேறு மொழிக்காரர்களிடம் கேட்டார்கள். 63 சதவீத முறை அவர்கள் இடையினம் இல்லாததையே காட்டினார்கள். பொருள் தெரியாமலே வந்த பதில் என்பதால் எனக்கு இதுதான் வலுவாகப் படுகிறது. ஆங்கிலத்தில் 'டாம்' என்பதை நாகரிகமாக்க 'டார்ன்' என்று ர சேர்ப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

ஆனாலும் 63 என்பது 100 அல்ல. நம்மூர் "எடுபட்ட பயலே"யில் ய, ல இரண்டும் உண்டு, ஆனால் திட்டு திட்டுதான். அங்கே பொருளே வேலையைச் செய்துவிடுகிறது. அதையே ஆச்சி பேரனிடம் "லே"யை இழுத்துச் சொன்னால், அப்புறம் அது கொஞ்சல்.